வெண்ணெய் திரளவில்லையா, முதலில் ஜாரைத் தொட்டுப் பார்

போன ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நீ போன் பண்ணியபோது பின்னால் மிக்ஸி அலறிக்கொண்டிருந்தது. "அக்கா, கால் மணி நேரமா ஓட்டுறேன், வெண்ணெய் வரவே இல்ல. பால்காரர் என்னமோ கலக்குறார்" என்று ஆரம்பித்தாய். நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். ஜாரை வெளிப்பக்கம் தொட்டால் எப்படி இருக்கிறது? "வெதுவெதுன்னு இருக்கு." அதற்குமேல் விசாரணையே தேவைப்படவில்லை. பால்காரர் நிரபராதி. குற்றவாளி சித்திரை வெயிலும் உன் மிக்ஸியும்.

ஜாரை அப்படியே பிரிட்ஜில் வை, சாப்பிட்டுத் தூங்கி எழுந்து மூன்று மணிக்கு எடுத்து ஓட்டு என்றேன். மூன்றே நிமிஷத்தில் திரண்டுவிட்டது என்று சாயங்காலம் படம் அனுப்பினாய். சந்தோஷம். ஆனால் "பிரிட்ஜுல வச்சா ஏன் வருது?" என்று கேட்டாயே, அதைப் போனில் சொல்லி முடிக்க முடியாது. காரணம் தெரிந்துவிட்டால் நிமிஷக் கணக்கை எழுதி வைத்துக்கொள்ள வேண்டிய அவசியமில்லை, கையும் காதுமே சொல்லிவிடும். அதனால் ஆடை எடுப்பதிலிருந்து எழுதுகிறேன்.

நாம் ஆடை என்று வழித்து எடுப்பதில் இரண்டு சங்கதி ஒட்டிக்கொண்டிருக்கிறது. பால் காயும்போதே மேலே படருகிற தோல் இருக்கிறதே, அது பெரும்பாலும் புரதம். அதற்கு அடியில், பால் ஆற ஆற மெல்ல வந்து சேருகிற கொழகொழப்புதான் கொழுப்பு. தோல் மட்டும் தடிமனாக இருந்து அடியில் ஒன்றுமே இல்லையென்றால், டப்பா நிறைய ஆடை சேர்ந்தாலும் வெண்ணெய் கொஞ்சமாகத்தான் வரும். ஒரு கரண்டி ஆடையை விரலில் தேய்த்துப் பார். வழுவழுவென்று பிசுக்கு ஒட்டினால் கொழுப்பு இருக்கிறது. ரப்பர் மாதிரி சுருண்டுகொண்டால் அது வெறும் தோல்.

பாலில் கொழுப்பு எண்ணெய் மாதிரி தனியாக மிதப்பதில்லை. குட்டிக் குட்டி உருண்டைகளாக, ஒரு சொட்டில் கோடிக்கணக்கில் கலந்து கிடக்கிறது. ஓர் உருண்டை ஏறக்குறைய நாலு மைக்ரான். ஒரு தலைமுடியின் குறுக்கே வரிசையாக நிறுத்தினால் பதினைந்து இருபது நிற்கும். ஒவ்வொரு உருண்டைக்கும் மேலே மெல்லிய உறை உண்டு. கொழுக்கட்டையில் பூரணத்துக்கு மேல்மாவு போல என்று வைத்துக்கொள். லெசித்தின் வகையறாக் கொழுப்பும் புரதமும் சேர்ந்து நெய்த உறை அது. அது இருக்கிறவரை ஓர் உருண்டை இன்னொன்றை இடித்தாலும் ஒட்டாது, விலகிப் போய்விடும். பால் பாலாகவே இருப்பது இந்த உறையால்தான். வெண்ணெய் எடுப்பதும் இந்த உறையைக் கிழிக்கிற வேலைதான். அதைப் பிறகு சொல்கிறேன்.

கொழுப்பு தண்ணீரைவிட லேசு என்பதால் உருண்டைகள் தாமாகவே மேலே ஏறும். ஆனால் நத்தை வேகம். நாலு மைக்ரான் உருண்டை ஆறின பாலில் மணிக்கு ஒன்றரை மில்லிமீட்டர்தான் ஏறும். பிரிட்ஜுக்குள் பால் கொஞ்சம் கெட்டிப்படுவதால் அதைவிடவும் குறைவு. பெரிய உருண்டைக்கு வேகம் அதிகம். அளவு இரண்டு மடங்கானால் வேகம் நாலு மடங்கு. இப்போது உன் பால் பாத்திரத்தை நினைத்துப் பார். உயரமான குறுகலான பாத்திரத்தில் காய்ச்சி அப்படியே வைக்கிறாய். அடியில் இருக்கிற உருண்டை பத்து சென்டிமீட்டர் ஏறி வர வேண்டும். அது பாதி வழிகூட வருவதற்குள் நீ காலையில் காபிக்குப் பாலை ஊற்றிவிடுகிறாய். அகலமான அடுக்கில் மூன்று நாலு சென்டிமீட்டர் ஆழத்துக்குப் பால் இருந்தால் அதே இரவில் இன்னும் நிறைய மேலே வந்துவிடும். அம்மா இட்லிப் பானை மாதிரி அகல வாய் உள்ள பாத்திரத்தில் பால் காய்ச்சினது வீட்டில் வேறு பாத்திரம் இல்லாததால் என்று ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்!

காய்ச்சின பாலை லேசாக மூடி, ஆறியதும் பிரிட்ஜில் ராத்திரி முழுக்க வை. நடுவில் கரண்டி விடாதே, பாத்திரத்தை இடம் மாற்றிக் குலுக்காதே. காலையில் கண்கரண்டியால் ஓரத்திலிருந்து வழித்தெடு. இந்த இடத்தில் அதிக சாமர்த்தியம் ஒன்றும் தேவையில்லை, பொறுமைதான்.

ஆனால் எந்தப் பால் வாங்குகிறாய் என்பதில்தான் பாதி விஷயம் தீர்ந்துபோகிறது. ஆவின் பாக்கெட் என்றால் நீலத்தில் 3 சதவீதக் கொழுப்பு, பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. எருமைப்பால் கிடைத்தால் அதில் 6 முதல் 8 வரை இருக்கும், உருண்டைகளும் பசும்பாலைவிடப் பெரிது, அதனால் ஆடையும் சீக்கிரம் கூடும். அதனால்தான் ஊத்துக்குளிப் பக்கத்து வெண்ணெய் அப்படிப் பேர் வாங்கியது, அங்கே எருமைப்பாலைத்தான் நம்பினார்கள். எருமை வெண்ணெய் வெள்ளையாக இருந்தால் கலப்படம் என்று சந்தேகப்படாதே. பசு தீவனத்திலிருக்கிற மஞ்சளில் கொஞ்சத்தை அப்படியே பாலில் விடுகிறது. எருமை அதை வைட்டமின் ஏ ஆக மாற்றிவிடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம்.

சதவீதத்தைப் பார்த்த கையோடு பாக்கெட்டில் 'ஹோமோஜினைஸ்டு' என்று போட்டிருக்கிறதா என்றும் பார். போட்டிருந்தால் அந்தப் பாலை ஆடைக்காக வாங்காதே. ஓகுஸ்த் கோலான் என்ற பிரெஞ்சுக்காரர் 1899இல் இதற்குக் காப்புரிமை வாங்கினார். பாலைப் பலத்த அழுத்தத்தில் நூல் மாதிரி இடுக்கு வழியாகத் தள்ளினால் உருண்டைகள் உடைந்து அரை மைக்ரான் அளவுக்குப் பொடியாகிவிடும். எட்டில் ஒரு பங்கு அளவு என்றால் ஏறும் வேகம் அறுபத்து நாலில் ஒரு பங்கு. ஒரு நாள் முழுக்க ஏறினாலும் அரை மில்லிமீட்டர் ஏறுமா என்பதே சந்தேகம். போதாக்குறைக்கு, உடைந்த துண்டுகளின் மேல் பாலிலுள்ள கேசின் புரதம் போய் ஒட்டிப் புது உறை போட்டுவிடும். அந்த உறை பழையதைவிடப் பிடிவாதமானது. அந்தப் பாலில் காபி நன்றாக இருக்கும், தயிர் கெட்டியாக உறையும், வெண்ணெய்க்கு மட்டும் ஆகாது. அட்டைப் பெட்டியில் வருகிற பிரெஷ் கிரீமை வாங்கி வெண்ணெய் எடுக்கப் பார்த்தாயே, அதுவும் இதே கதைதான். கொழுப்பு 25 சதவீதம் இருந்தாலும், பிரியாமல் இருக்கவென்றே அதைப் பக்குவம் பண்ணி வைத்திருக்கிறார்கள். நீ பிரிக்கப் பார்த்தாய்.

சரி, ஆடை சேர்ந்துவிட்டது. முதல் நாள் டப்பாவில் ஆடை போடும்போதே ஒரு ஸ்பூன் கெட்டித் தயிரைக் கலந்துவிடு. அதன்மேல் தினமும் சேர்த்துக்கொண்டு வா. பிரிட்ஜில் வைத்திருந்தாலும் பச்சை ஆடை நாலைந்து நாளில் கசந்துவிடும். உறை விழுந்த ஆடைக்குப் புளிப்பு காவலாக இருக்கும். வாசனையும் அந்தப் புளிப்பில்தான் வருகிறது. கடைசி நாள் ஆடை சேர்த்தபின் டப்பாவை வெளியே எடுத்து நாலைந்து மணி நேரம் வை. தயிர் மாதிரி தளதளவென்று உறைந்து, மூடியைத் திறந்தால் மோர் மணம் வர வேண்டும். புளித்த ஆடையில் புரதம் இறுகி ஒதுங்கிவிடுவதால் கடையும்போது கொழுப்பு சீக்கிரம் சேரும், மோரோடு போகிற கொழுப்பும் குறையும். பச்சை ஆடையிலும் வெண்ணெய் வரும், நேரம் கூடுதலாகும்.

நீ பண்ணின தப்பு இதற்கு அடுத்த படியில். வெளியே வைத்துப் புளித்ததும் அப்படியே மிக்ஸியில் போட்டாய். சித்திரையில் சமையலறைச் சூடு முப்பத்தைந்து டிகிரி. ஆடையும் அதே சூட்டில் இருந்தது.

பால் கொழுப்பு தேங்காய் எண்ணெய் மாதிரி ஒரே சூட்டில் உருகி ஒரே குளிரில் உறைகிற ஜாதியில்லை. அதில் பல வகைக் கொழுப்புகள் கலந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒவ்வொரு சூட்டில் உருகும். பிரிட்ஜ் குளிரில் ஏறக்குறையப் பாதி கெட்டியாக இருக்கும். இருபது டிகிரியில் ஐந்தில் ஒரு பங்குதான் கெட்டி. உடம்புச் சூட்டை எட்டும்போது, 37 முதல் 40 டிகிரிக்குள், அத்தனையும் எண்ணெய். நடுவில் எந்தச் சூட்டில் வைத்தாலும் ஒவ்வோர் உருண்டைக்குள்ளும் கொஞ்சம் பளிங்குத் துகள், கொஞ்சம் எண்ணெய் என்று இரண்டும் இருக்கும்.

ரவா லட்டு பிடிப்பாயே, அதை நினைத்துக்கொள். வெறும் ரவையைக் கையில் எடுத்து அழுத்தினால் உதிர்ந்துவிடும். நெய்யை ஒரேயடியாக ஊற்றிவிட்டால் கூழாகி வழியும். ரவை நிறைய, அதை ஒட்ட வைக்கிற அளவுக்கு மட்டும் நெய் என்றிருந்தால்தான் உருண்டை நிற்கும். வெண்ணெய் திரளுவதும் இப்படித்தான். கடையும்போது மத்தோ மிக்ஸிப் பிளேடோ உருண்டைகளை ஒன்றோடொன்று மோத விடுகிறது. ஓர் உருண்டைக்குள் இருக்கிற பளிங்குத் துகள் ஊசி மாதிரி உறைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அது அடுத்த உருண்டையின் உறையைக் குத்துகிறது. குத்தின இடத்தில் உள்ளிருக்கிற எண்ணெய் கொஞ்சம் கசிந்து பசையாகிறது. இரண்டும் ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் கலந்து ஒன்றாகிவிடுவதில்லை, உள்ளே கெட்டித் துகள்கள் தாங்கிக்கொண்டு நிற்பதால். இரண்டோடு மூன்றாவது, மூன்றோடு நூறு, அப்படியே கண்ணுக்குத் தெரிகிற குருணை.

முழுக்க உருகின உருண்டையில் குத்துவதற்கு ஊசி இல்லை. மிக்ஸியில் ஓட்டினால் பெரிய உருண்டை இன்னும் பொடிப்பொடியாகச் சிதறும், அதாவது நீ வீட்டிலேயே ஹோமோஜினைஸ் பண்ணிக்கொண்டிருக்கிறாய். கால் மணி நேரம் ஓட்டினால் பிளேடு உரசுகிற சூடும் சேர்ந்து நிலைமை மோசமாகிக்கொண்டே போகும். அதனால்தான் ஓட்ட ஓட்ட வரும் என்று நம்பி ஓட்டக் கூடாது என்கிறேன். இதற்கு நேரெதிர்த் தப்பும் உண்டு. பிரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு, நாலைந்து டிகிரியில் கடைந்தால் பசைக்கு எண்ணெய் போதாது. நுரை எழும்பி அப்படியே நிற்கும், குருணை ஒட்டாது. மார்கழியில் அப்பாயி தாழியில் ஒரு சொம்பு வெந்நீர் விளாவினது இதற்காகத்தான். சித்திரையில் அவர் விடிவதற்கு முன்னால் எழுந்து கடைந்ததும் இதற்காகத்தான். ராத்திரி முழுக்கத் தண்ணீர் கசிந்து குளிர்ந்த மண் தாழி, வெயில் ஏறாத அடுப்படி. வேலையை முடித்துவிடலாம் என்கிற சுறுசுறுப்பு மட்டுமில்லை அது.

மிக்ஸியில் ஆடைத் தயிர் கடைய 12 முதல் 14 டிகிரி தோது. உன்னிடம் தெர்மாமீட்டர் இல்லை, என்னிடமும் இல்லை. கையை வைத்தால் நன்றாகக் குளிர வேண்டும், விரல் விறைக்கக் கூடாது. அந்தப் பதம்.

இதற்கு ஆடை புளித்ததும் மறுபடி பிரிட்ஜில் நாலு மணி நேரமாவது இருக்க வேண்டும். இரண்டு ஐஸ் கட்டியைப் போட்டுவிட்டால் போதாதா என்று கேட்பாய். ஐஸ் சூட்டை உடனே இறக்கிவிடும், உண்மைதான். ஆனால் உருகின கொழுப்பு குளிர்ந்ததும் உடனே பளிங்காகிவிடாது. அத்தனை சின்ன உருண்டைக்குள் துகள் பிடித்து வளர நேரம் வேண்டும். ஐஸ் போட்டும் திரளாமல், அரை மணி பிரிட்ஜில் வைத்துவிட்டு ஓட்டினால் திரண்டதைப் பார்த்திருப்பாயே, அதற்குக் காரணம் இது.

என் வீட்டில் போன வாரம் எடுத்ததை அப்படியே சொல்கிறேன், அளவு பிடிபடும். தினம் ஒரு லிட்டர் 6 சதவீதப் பால், ஏழு நாள். ஒரு லிட்டரில் கொழுப்பு 60 கிராம் சொச்சம், ஆக வாரத்துக்கு 430 கிராம். அத்தனையும் ஆடையில் வந்துவிடாது, பாதிக்குக் கொஞ்சம் குறைவாகத்தான் மேலே வரும். மீதி காபியிலும் தயிரிலும் வீட்டார் வயிற்றுக்குப் போய்விடுகிறது. ஆடை 600 கிராம் சேர்ந்தது. சனிக்கிழமை மத்தியானம் வெளியே எடுத்து வைத்தேன், சாயங்காலம் புளித்ததும் உள்ளே. ஞாயிறு காலை ஏழு மணிக்கு எடுத்து, பத்து நிமிஷம் மேடையில் வைத்துவிட்டுப் பெரிய ஜாரில் போட்டேன். ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீர் சேர்த்தேன். ஜார் பாதிக்கு மேல் நிறையக் கூடாது. நுரை எழும்ப இடம் வேண்டும், நுரைக்கு இந்த வேலையில் முக்கியப் பங்கு இருக்கிறது.

சுவிட்சை முழுக்கத் திருப்பிவிட்டு வேறு வேலைக்குப் போகாதே. எதிர்ப்பக்கம் திருப்பி ஐந்தைந்து நொடியாக ஓட்டு, நடுவில் ஓர் இரண்டு நொடி நிறுத்து. உன் மிக்ஸியோடு அடிப்பதற்கென்று மழுங்கின பிளேடு வந்திருந்தால் அதைப் போடு. கூர் பிளேடு வேலை செய்யும், ஆனால் உருண்டையை வெட்டுகிறது, சூட்டையும் கூட்டுகிறது.

முதல் ஒரு நிமிஷத்தில் நுரை. காற்றுக் குமிழிகள் உள்ளே புகுகின்றன. கொழுப்பு உருண்டைகள் குமிழியின் சுவரைத் தேடிப் போய் ஒட்டிக்கொள்ளும். அந்த இடத்தில்தான் அவை ஒன்றுக்கொன்று நெருக்கமாக வந்து உறை கிழிவது அதிகம். இரண்டாவது நிமிஷத்தில் கெட்டியாகி, கேக் மேல் பூசுகிற கிரீம் மாதிரி ஜாரோடு அப்பிக்கொள்ளும். பிளேடு வெறுமனே சுற்றுகிற சத்தம் கேட்கும். நிறையப் பேர் இங்கேதான் பயந்துபோய், "கெட்டிப்பட்டுடுச்சு, கெட்டுப்போச்சு" என்று நிறுத்திவிடுகிறார்கள். பயப்படாதே. ஓரத்தை வழித்து உள்ளே தள்ளி, அரை டம்ளர் குளிர்ந்த தண்ணீர் விட்டு மறுபடி ஐந்தைந்து நொடி. இப்போது காதைக் கூர்மையாக வைத்துக்கொள். திடீரென்று சளக்கென்று ஒரு சத்தம், ஜாருக்குள் தண்ணீர் அலம்புவது மாதிரி. மூடியின் உள்பக்கம் அதுவரை அப்பியிருந்த வெள்ளை வழிந்து கண்ணாடியாகும். நுரை உடைந்து, அதைத் தாங்கிக்கொண்டிருந்த கொழுப்பெல்லாம் ஒன்றையொன்று பிடித்துக்கொண்ட கணம் அது. வெள்ளையாக இருந்தது லேசான மஞ்சள் தட்டும்.

அங்கே நிறுத்து. குருணை அரிசியளவு, மிஞ்சினால் கோதுமையளவு. இன்னும் ஓட்டினால் பெரிய உருண்டையாக வருமே என்று ஆசைப்பட்டு நான் ஒரு தடவை ஓட்டினேன். பெரிசாகத்தான் வந்தது, நடுவில் மோரையும் பிடித்துக்கொண்டு. எத்தனை தண்ணீரில் கழுவியும் அந்த மோர் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் புளிப்பு வீச்சம், காய்ச்சும்போது அரை மணி நேரம் சடசடவென்று பொரிந்துகொண்டே இருந்தது. குருணையாக இருக்கும்போதுதான் ஒவ்வொரு மணியையும் தண்ணீர் சுற்றிக் கழுவ முடியும்.

குருணையை வடிகட்டி மோரைத் தனியே பிடி. வெண்ணெயில் குளிர்ந்த தண்ணீர் ஊற்றிக் கையால் அலசி வடி. முதல் தண்ணீர் பால் மாதிரி வரும், இரண்டாவது கலங்கல், மூன்றாவது ஏறக்குறையத் தெளிவு. அது போதும். பிறகு கையை ஐஸ் தண்ணீரில் நனைத்துக்கொண்டு குருணையை ஒன்றாக அழுத்திப் பிழி. எனக்கு 240 கிராம் வந்தது, மோர் 650 மில்லிக்குச் சற்றுக் குறைய. 240 கிராமும் கொழுப்பில்லை என்பதை மறந்துவிடாதே. கடை வெண்ணெயிலேயே 80 சதவீதம் கொழுப்பு இருந்தால் போதும், தண்ணீர் 16 வரை இருக்கலாம் என்பது கணக்கு. வீட்டு வெண்ணெயும் அங்கே இங்கேதான். பாலில் தண்ணீருக்குள் கொழுப்பு உருண்டைகள் மிதந்தன. வெண்ணெயில் கொழுப்புக்குள் தண்ணீர்த் துளிகள் சிக்கிக் கிடக்கின்றன. கடைவது என்பது இதைத் தலைகீழாகப் புரட்டுவதுதான். கழுவாத வெண்ணெய் கெட்டுப்போவதும் அந்தத் துளிகளுக்குள் இருக்கிற மோரால்தான். நெய் காய்ச்சும்போது அடியில் சிவக்கிற கசண்டும் அதுவே. 240 கிராமைக் காய்ச்சினதில் நெய் 185 கிராம் இறங்கியது. முருங்கைக்கீரை போடுவது உன் இஷ்டம், உன் மாமாவுக்கு அது இல்லாமல் ஆகாது.

வெண்ணெய் சரியாக வந்ததா என்பதை மோரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும், வெண்ணெயைப் பார்த்தல்ல. மோரை ஒரு டம்ளரில் ஊற்றிப் பத்து நிமிஷம் வை. மேலே வெண்மையாகக் கனத்த ஏடு கட்டினாலோ, விரலை முக்கினால் பிசுக்கு வழிந்தாலோ கொழுப்பு மோரோடு போய்விட்டது, அடுத்த தடவை இன்னும் குளிர்ச்சியாகக் கடை. நன்றாகத் திரண்ட மோர் லேசாக, நீலம் பாரித்த வெள்ளையாக இருக்கும், நாக்கில் வழுக்காது. கிழிந்த உறைகள் எல்லாம் இந்த மோரில்தான் இறங்கியிருக்கின்றன, வெண்ணெயில் அதிகம் தங்குவதில்லை. தயிரில் தண்ணீர் விட்டு ஆற்றுவதையும் நாம் மோர் என்றுதான் சொல்கிறோம். அதில் தயிரிலிருந்த கொழுப்பு அத்தனையும் அப்படியே இருக்கும். வெண்ணெய் எடுத்த மோர் வேறு, அதனால்தான் குடித்தால் வயிற்றில் கனக்காமல் போகிறது. டாக்டர் மோர் குடி என்று அப்பாவிடம் சொன்னபோது எந்த மோர் என்று கேட்காமல் வந்துவிட்டோமே என்று அம்மா புலம்பினது ஞாபகம் இருக்கிறதா?

கடைசியாக உன் போன ஞாயிற்றுக்கிழமை மாதிரி மறுபடி நேர்ந்தால் என்ன பண்ணுவது என்பது. ஜார் வெதுவெதுப்பாக இருந்தால் உடனே நிறுத்து. ஒரு டம்ளர் குளிர்ந்த தண்ணீரில் அந்தக் கலவையைக் கால் ஸ்பூன் விட்டுப் பார். வெள்ளையாகக் கரைந்து பரவினால் உருண்டைகள் இன்னும் உறையோடு இருக்கின்றன. பிரிட்ஜில் மூன்று நாலு மணி நேரம் வைத்துவிட்டுக் கடைந்தால் வந்துவிடும், உனக்கு வந்த மாதிரி. முதலில் ஓட்டினதில் சில உருண்டைகள் பொடியாகியிருக்கும், அதனால் வெண்ணெய் கொஞ்சம் குறையலாம். தண்ணீர் மேல் மஞ்சளாக எண்ணெய்க் கண்கள் மிதந்தால் வேறு கதை. உறை கிழிந்து கொழுப்பு எண்ணெயாகவே பிரிந்துவிட்டது. அதைக் கடைந்து குருணையாக்க முடியாது. ராத்திரி முழுக்கக் குளிரவிட்டு, மேலே கட்டியாக உறைவதை எடுத்து நேரே நெய் காய்ச்சிவிடு. வாசனை ஒரு மாற்றுக் குறையும், பண்டம் வீணாகாது. வெண்ணெய் திரளுகிற நேரத்தில் தாழி உடைந்த கதை என்று அம்மா சொல்வாரே, அந்த அளவுக்குப் போகாது.

இந்த வாரம் ஆடை எடுத்திருந்தால் சனிக்கிழமை மத்தியானம் டப்பாவை வெளியே எடுத்து வை, விளக்கு வைக்கிற நேரத்துக்குள் மறுபடி உள்ளே போய்விட வேண்டும். ஞாயிறு காலை காபிக்கு முன்னால் கடைந்துவிடு, வெயில் ஏறவிடாதே. அப்புறம் பால்காரர் வந்தால் அவரிடம் ஒரு டம்ளர் மோர் கொடு. அவர்மேல் போன வாரம் பழி போட்டாய், பாவம், அவருக்கு அது தெரியாது.